15 கேவிஏ ஜெனரேட்டரும் அழுக்குச் சைலன்சரும்

நீலகிரி மாவட்டத்தில் செல்போன் கோபுரத் தளம் ஒன்றின் பராமரிப்பை ஏற்றுள்ள நண்பர், 15 கேவிஏ ஜெனரேட்டர் வாங்கலாமா என்று கேட்கிறார். கூடலூர்ப் பக்கம் எங்கள் தளத்தில் அதே அளவுதான் நிற்கிறது. தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் அரை நாள் மின்சாரம் இருக்காது; அப்போதெல்லாம் இந்த எஞ்சின் ஒருமுறைகூடக் கிளம்ப மறுத்ததில்லை. இருந்தாலும் அதன் சைலன்சர் இணைப்பிலிருந்து கறுப்பாக, பிசுபிசுப்பாக எண்ணெய் வழிந்து வெள்ளைப் பெட்டியில் கோடு போடுவதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

காரணம் அளவுதான். 15 கேவிஏ என்பது சுமார் 12 கிலோவாட்; எங்கள் கருவிகள் இழுப்பதோ சுமார் 54 வோல்ட் டிசியில் 50 ஆம்பியர், ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையரின் இழப்பையும் சேர்த்து 3 கிலோவாட்டுக்குள். முப்பது சதவீதத்துக்கும் குறைந்த சுமையில் நெடுநேரம் ஓடும் எஞ்சின் போதிய சூடேறாமல், பாதி எரிந்த டீசலைப் புகைக்குழாயில் தள்ளும். பழைய 600 ஏஹெச் ஈய பேட்டரிக்குக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 60 ஆம்பியருக்கு மேல் சார்ஜ் கொடுக்கக் கூடாது. ஆக மொத்தம் 110 ஆம்பியர், ஏறத்தாழ ஆறரை கிலோவாட். பேட்டரி நிரம்ப நிரம்ப அதுவும் குறைந்துவிடும். "பெரிதாக இருப்பது நல்லது" என்று விற்றவர் சொன்னதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

பிறகு அதே கொள்ளளவில் லித்தியம் பேட்டரி வந்தது. அதில் எண்பது சதவீதத்தைப் பயன்படுத்தினால் 480 ஏஹெச், அதாவது கருவிகளுக்கு ஒன்பதரை மணி நேரம். அதன் பின் ஜெனரேட்டரைப் போட்டு 120 ஆம்பியரில் ஏற்றினால் சுமார் நான்கு மணி நேரத்தில் நிரம்பிவிடுகிறது. அந்த நேரத்தில் எஞ்சின்மீது ஏறக்குறைய 80 சதவீதச் சுமை. ஆனால் பேட்டரியை மாற்றிய தொழில்நுட்பர் கன்ட்ரோலரில் சார்ஜ் வரம்பைப் பழைய 60 ஆம்பியரிலேயே விட்டுப் போயிருந்ததால், சைலன்சர் முன்புபோலவே வழிந்தது. வரம்பை உயர்த்தி, கூடுதல் சுமைக்கு ரெக்டிஃபையர் மாட்யூல் சேர்த்த பிறகே கசிவு காய்ந்தது.

எனவே நியாயமாகப் பார்த்தால், லித்தியத்துடன் 15 கேவிஏ சரியான ஜோடி என்றே சொல்ல வேண்டும். 10 கேவிஏவில் சார்ஜை 70 ஆம்பியருக்குள் அடக்க வேண்டியிருக்கும், எஞ்சின் ஏழு மணி நேரம் ஓட வேண்டியிருக்கும். ஆனாலும் நண்பர் 10 கேவிஏவே வாங்கட்டும். பேட்டரி வரிசையில் ஒன்றிரண்டு பெட்டிகள் பழுதாகி வரம்பு மீண்டும் இறங்கினாலும், கருவிச் சுமை மட்டுமே அதன் 8 கிலோவாட்டில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். இதில் என் கோபமும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்பதை மறைக்கவில்லை.