ஒன்றரை டன் ஏசிக்கு ஸ்டெபிலைசரா, சர்ஜ் புரொடெக்டரா?

"ஒன்றை வாங்கினால் போதாதா?" என்று கேட்பவர்கள் அதிகம். ஆனால் இரண்டும் தடுப்பது வேறு வேறு ஆபத்துகளை.

ஸ்டெபிலைசருக்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் சில ரிலேக்களும் இருக்கும். மாலையில் 170 வோல்ட்தான் வருகிறது என்றால் ரிலே மாறி, 200-க்கு மேல் உயர்த்திக் கொடுக்கும். ஆனால் ரிலே மாற மில்லி செகண்டுகள் ஆகும். மின்னலால் வரும் சர்ஜ் மைக்ரோ செகண்டுகளில் முடிந்துவிடும், அதனால் அதை இது பிடிக்காது.

சர்ஜ் புரொடெக்டரில் இருப்பது வேரிஸ்டர். வோல்டேஜ் திடீரென எகிறினால் அதைத் தன் வழியே எர்த்துக்குத் திருப்பிவிடும். லோ வோல்டேஜுக்கு அது எதுவும் செய்யாது. நியூட்ரல் அறுந்து நிமிடக்கணக்கில் 350, 400 வோல்ட் வந்தாலோ வேரிஸ்டரே சூடாகிக் கருகிவிடும். எங்கள் தெருவில் ஒருமுறை நியூட்ரல் போனபோது டிவிக்குப் போட்டிருந்த ஸ்பைக் கார்டு அப்படித்தான் போனது. அந்த மாதிரி நீடிக்கும் ஓவர் வோல்டேஜுக்கு, வீட்டின் எம்சிபி-க்கள் இருக்கும் டிபி பாக்ஸில் ஓவர் வோல்டேஜ் ரிலே வேண்டும்.

அதனால் வாங்குவதற்கு முன் ஒரு வாரம், இரவு 7 முதல் 10 வரை, ஏசி ஓடும்போதே அந்த பிளக் பாயிண்டில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். லோடு இல்லாமல் பார்த்தால் வயரில் விழும் வோல்டேஜ் தெரியாது. குறைந்தபட்சம் 160 வருகிறது, ஏசியின் விவரத்தில் 145 முதல் 290 வரை ஓடும் என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஏசிக்கு ஸ்டெபிலைசர் வீண் செலவு. அதே வீட்டின் பழைய ஃபிரிட்ஜுக்குத்தான் அது தேவைப்படலாம்: 160-ல் கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் உறுமிவிட்டு டிரிப் ஆகும்.

அளவு 130 வரை இறங்கினால் ஏசிக்கும் ஸ்டெபிலைசர் வேண்டும். அப்போது கேவிஏ எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். ஏசி 1,600 வாட் இழுத்தால், 130 வோல்ட்டில் ஸ்டெபிலைசர் லைனிலிருந்து 12 ஆம்பியருக்கு மேல் எடுக்கும். 4 கேவிஏ என்று எழுதியிருந்தாலும், 130 வோல்ட்டிலிருந்து வேலை செய்யுமா, அந்த அளவில் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று கேளுங்கள். கரண்ட் போய் வந்தால் கம்ப்ரசர் கிளம்ப 3 நிமிடம் தாமதிக்கும் வசதியும் இருக்கட்டும்.

சர்ஜுக்கு, பிளக்கில் செருகும் பட்டையைவிட டிபி பாக்ஸில் பொருத்தும் எஸ்பிடி என்ற சர்ஜ் புரொடெக்டரையே நான் சொல்வேன், மொத்த வீட்டுக்கும் சேர்த்துக் காக்கும். எர்த் சரியில்லை என்றால் அதுவும் பலன் தராது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் 230 காட்டினால் மட்டும் எர்த் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. எலெக்ட்ரீஷியனை எர்த் டெஸ்டர் வைத்து எத்தனை ஓம் என்று அளக்கச் சொல்லுங்கள். அப்புறம், பெரிய இடி விழுந்த ஒவ்வொரு முறையும் எஸ்பிடியின் சின்னக் கண்ணாடியைப் பாருங்கள். பச்சை போய்ச் சிவப்பு வந்திருந்தால் வேரிஸ்டர் தீர்ந்துவிட்டது, உள்ளிருக்கும் கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டும்.