ஒரே தானியங்கி, 6 எழுத்தா 26 எழுத்தா: நிலை நீக்கலில் வரிசை செய்யும் வேலை

தானியங்கியிலிருந்து ரெகுலர் எக்ஸ்பிரஷனைத் திரும்ப எடுக்க எந்த முறை நல்லது என்று கேட்டால், பெரும்பாலும் மூன்று பெயர்கள் வரும்: நிலை நீக்கல், ஆர்டன் சமன்பாடுகள், கிளீனியின் அட்டவணை. என் அனுபவத்தில் முறையைவிட முக்கியமான தேர்வு ஒன்று இருக்கிறது. நிலைகளை எந்த வரிசையில் நீக்குகிறோம் என்பதுதான் அது. ஒரு சின்ன உதாரணத்தில் போட்டுப் பார்த்துவிடலாம்.

இருமத்தில் எழுதிய எண் 3-ஆல் வகுபடுமா என்று பார்க்கும் தானியங்கியை எடுத்துக்கொள்வோம். இதுவரை படித்த எண்ணை 3-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் நிலை. அடுத்த இலக்கம் வந்ததும் பழைய மீதியை இரட்டித்து, அந்த இலக்கத்தைக் கூட்டி, மறுபடி மீதி எடுக்கிறோம்.

```
        0     1
q0     q0    q1
q1     q2    q0
q2     q1    q2
```

தொடக்கமும் q0, ஏற்பு நிலையும் q0. வேலையைத் தொடங்கும் முன் S என்று புதுத் தொடக்கம் ஒன்றும் F என்று புது முடிவு ஒன்றும் சேர்த்து, S-லிருந்து q0-க்கும் q0-லிருந்து F-க்கும் வெற்றுச் சரம் ε எழுதிய அம்பு போட்டுக்கொள்ள வேண்டும். q0-க்குள் திரும்பி வரும் அம்புகள் இருப்பதால் இது தேவை. கடைசியில் S-க்கும் F-க்கும் நடுவே ஒரே அம்பு மிஞ்சும். அதன் மேல் எழுதியிருப்பதே விடை.

k என்ற நிலையை நீக்கும்போது, அதற்குள் வரும் ஒவ்வொரு அம்பையும் அதிலிருந்து போகும் ஒவ்வொரு அம்போடும் ஜோடி சேர்க்கிறோம். i-லிருந்து j-க்குப் போகும் அம்பின் மேல் எழுதியிருப்பதை R_ij என்று குறித்தால், ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே விதிதான்:

```
R_ij  :=  R_ij | R_ik (R_kk)* R_kj
```

முதலில் q2-ஐ நீக்குவோம். அதற்குள் வரும் அம்பு ஒன்றுதான்: q1-லிருந்து 0. வெளியே போவதும் ஒன்றுதான்: q1-க்கு 0. தன்மேலேயே சுற்றும் அம்பு 1. ஆக ஒரே ஜோடி, q1-லிருந்து q1-க்கே, `01*0`. q2 போய்விட்டது, q1-க்கு ஒரு சுற்று கிடைத்தது. அடுத்து q1. அதற்குள் வருவது இப்போது q0-லிருந்து 1 மட்டும், போவது q0-க்கு 1 மட்டும். மறுபடி ஒரே ஜோடி: `1(01*0)*1`. இது q0-இன் பழைய சுற்றான 0-வோடு சேர்கிறது. கடைசியில் q0-ஐயும் நீக்கினால் விடை வந்துவிடும். விடையில் வரும் 0, 1 எழுத்துகளை எண்ணினால் மொத்தம் 6.

அதே தானியங்கியில் q1-ஐ முதலில் நீக்கிப் பார்ப்போம். q0, q2 இரண்டிலிருந்தும் அம்பு வருகிறது, இரண்டுக்கும் அம்பு போகிறது. நான்கு ஜோடிகள். q0-இன் சுற்று `0|11` ஆகிறது, q2-இன் சுற்று `1|00` ஆகிறது, q0-லிருந்து q2-க்கு `10`, திரும்பி வர `01`. அப்புறம் q2, q0 என்று நீக்கினால் 10 எழுத்துகள். q0-ஐயே முதலில் நீக்கி, அடுத்து q1, கடைசியாக q2 என்று போனால் 26.

```
q2, q1, q0:  (0|1(01*0)*1)*
q1, q2, q0:  (0|11|10(1|00)*01)*
q0, q1, q2:  0*|0*1(10*1)*10*|0*1(10*1)*0(1|0(10*1)*0)*0(10*1)*10*
```

மூன்றும் ஒரே மொழியைத்தான் குறிக்கின்றன. மூன்றாவதில் `(10*1)*` எத்தனை தடவை வருகிறது என்று பாருங்கள். நீக்கும் நிலைக்கு இரண்டு வரவும் இரண்டு போக்கும் இருந்தால் அதன் சுற்று நான்கு இடங்களில் நகலாகும். அடுத்த நீக்கலில் அந்த நகல்கள் மறுபடி நகலாகும். விடை வீங்குவதற்குக் காரணம் இவ்வளவுதான்.

இதைத் தவிர்க்க டெல்காடோ, மொராய்ஸ் இருவரும் 2004-இல் சொன்ன எடைக் கணக்கு எனக்குப் பிடித்தது. வரும் ஒவ்வொரு அம்பின் நீளத்தையும் (போகும் அம்புகள் − 1) தடவை எண்ணுங்கள். போகும் ஒவ்வொன்றையும் (வரும் அம்புகள் − 1) தடவை எண்ணுங்கள். சுற்றின் நீளத்தை (வரவு × போக்கு − 1) தடவை எண்ணுங்கள். மூன்றையும் கூட்டினால், அந்த நிலையை நீக்குவதால் எவ்வளவு வீங்கும் என்று தெரியும். ε-க்கு நீளம் பூஜ்யம் என்று வைத்தால், நம் தானியங்கியில் q2-க்கு 0, q1-க்கு 4, q0-க்கு 5. எடை குறைந்ததை முதலில் நீக்கி, மறுபடி எடை பார்த்து அடுத்ததை நீக்குவது என்று போனால் 6 எழுத்து விடைக்கே வந்து சேர்கிறோம். எப்போதும் மிகச் சிறிய விடையே வரும் என்ற உத்தரவாதம் இதற்கு இல்லை. நல்ல வரிசையாலும் எல்லாத் தானியங்கிகளையும் காப்பாற்ற முடியாது. விடை அடுக்குக்குறி வேகத்தில் பெரிதாகியே தீரும் தானியங்கிகள் உண்டு என்று எரன்பாய்ஷ்ட், சைகர் இருவரும் 1976-இலேயே காட்டிவிட்டார்கள்.

சரி, மற்ற இரண்டு முறைகள்? ஆர்டன் முறையில் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சமன்பாடு எழுதுகிறோம். q2-லிருந்து தொடங்கி ஏற்பு நிலைக்குக் கொண்டுபோகும் சரங்களை L2 என்போம், மற்ற நிலைகளுக்கும் அப்படியே. q2-க்கு `L2 = 0L1 | 1L2`. X = AX | B என்றால், A-க்குள் ε இல்லாதவரை ஒரே தீர்வு A\*B என்பதுதான் ஆர்டன் விதி. எனவே `L2 = 1*0L1`. அதை q1-இன் சமன்பாட்டில் போட்டால் `01*0` அப்படியே வந்து நிற்கிறது. அதாவது q2-ஐ முதலில் நீக்கியதும் L2-வை முதலில் தீர்த்ததும் ஒரே கணக்கு. வரிசைச் சிக்கலும் அதேதான். படம் வரையாமல் வரி வரியாக எழுத வேண்டிய இடத்தில், உதாரணமாகத் தேர்வுத்தாளில், ஆர்டன் வசதி. அம்புகளை எண்ணி எடை பார்க்க வேண்டுமென்றால் படம் வசதி.

கிளீனியின் அட்டவணையும் மேலே உள்ள அதே விதியைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் எந்த நிலையையும் தூக்கி எறிவதில்லை. எல்லா i, j ஜோடிக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் கோவை எழுதிக்கொண்டே போகும். மூன்று நிலைக்கு ஒரு கட்டத்தில் 9 கோவைகள், தொடக்கக் கட்டத்தையும் சேர்த்து நான்கு கட்டங்களில் 36. நமக்குத் தேவைப்படுவது அதில் ஒன்றே ஒன்று. நிரூபணம் எழுத இது அருமையான வடிவம். கையால் விடை எடுக்க நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

q1-ஐ முதலில் நீக்குவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. q2-லிருந்து கிளம்பி q1 வழியாக q2-க்கே திரும்பும் ஜோடியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். புறப்பட்ட இடமும் சேரும் இடமும் ஒன்றாக இருப்பதால் அது கண்ணில் படுவதில்லை. அப்போது `(1|00)*` வரவேண்டிய இடத்தில் வெறும் `1*` நிற்கும். 3, 6, 9 என்று சோதித்தால் 30 வரைக்கும் எல்லாம் சரியாக வரும். முதலில் மாட்டுவது 33 தான். இருமத்தில் அது 100001, நடுவில் இருக்கும் அந்த 00-வுக்குத்தான் வழி இல்லாமல் போகிறது. அதனால் நான் 99 வரை ஓட்டிவிடுவேன்:

```
for n in $(seq 0 3 99); do echo "obase=2; $n"; done |
  bc | grep -vxE '(0|11|10(1|00)*01)*'
```

விடை சரியென்றால் திரையில் ஒன்றும் வராது. 00-வை விட்ட கோவையைப் போட்டால் முதல் வரியே 100001. இது ஏற்க வேண்டியதை ஏற்கிறதா என்பதை மட்டும்தான் பார்க்கிறது. `seq 1 3 99`, `seq 2 3 99` இரண்டையும் `-v` இல்லாமல் ஓட்டினால், ஏற்கக் கூடாத எண் ஏதாவது உள்ளே நுழைந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். அங்கேயும் திரை காலியாகத்தான் இருக்க வேண்டும்.