நினைவிலிருந்தா, பதிவிலிருந்தா? புகாருக்கு முன் ஒரு காலவரிசை

எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரி வேலையில் ஒப்பந்தக்காரரோடு தகராறு முற்றி, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடிவு செய்தபோது எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நடந்ததை நினைவிலிருந்து முழுவதும் எழுதிவிட்டு, பிறகு சான்றுகளைத் தேடிப் பொருத்துவது. மற்றொன்று, மின்னஞ்சல், வாட்ஸ்அப், வங்கிக் கணக்கு என்று கையில் இருப்பவற்றை முதலில் தேதிவாரியாக அடுக்கிவிட்டு, அவற்றுக்கு இடையே நினைவை நிரப்புவது. புகாரையே நேராக எழுதத் தொடங்கி, போகப் போகத் தேதி போடுவதை மூன்றாவது வழியாகச் சிலர் சொல்வார்கள். அதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். வாதம் முதலில் அமைந்துவிட்டால், தேதிகள் அதற்கு ஏற்ப வளையத் தொடங்கிவிடும்.

நினைவிலிருந்து தொடங்கியபோது என் தாளில் இப்படி இருந்தது: "சிங்க் அடியில் பிளைவுட் உப்பியதைச் சொன்னேன். சரிசெய்கிறேன் என்றார். அதை நம்பி இரண்டாம் தவணையைக் கொடுத்தேன்." இந்த வரிசையில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

பதிவுகள் வேறு விதமாகச் சொல்லின. வங்கிக் கணக்கின்படி இரண்டாம் தவணை போனது 2023 டிசம்பர் 4. உப்பிய பலகையின் படம் வாட்ஸ்அப்பில் போனது டிசம்பர் 9. அதாவது, பணம் கொடுத்து ஐந்து நாள் கழித்துத்தான் குறையை எழுத்தில் தெரிவித்திருக்கிறேன். முதலில் எழுதியபடியே புகார் கொடுத்திருந்தால், எதிர்த்தரப்பு ஒரே ஒரு திரைப்பிடிப்பைக் காட்டி என் பேச்சு முழுவதையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கியிருக்கும்.

பதிவை மட்டும் நம்பியிருந்தாலும் தவறியிருப்பேன். வாட்ஸ்அப்பில் வந்துபோகும் படத்தின் கோப்புப் பெயர் `IMG-20231209-WA0003.jpg` போல இருக்கும். அந்தத் தேதி படம் கைமாறிய நாளே தவிர, எடுத்த நாள் அல்ல. எடுத்த நாள் போன் கேலரியில் உள்ள மூலப்படத்தின் விவரத்தில்தான் கிடைக்கும். என் மூலப்படம் டிசம்பர் 2-ஆம் தேதி எடுக்கப்பட்டது. குறையைப் பணம் கொடுக்கும் முன்பே பார்த்திருக்கிறேன், அன்று வேலையில் இருந்த ஆசாரியிடம் வாயால் சொல்லியும் இருக்கிறேன். ஒப்பந்தக்காரருக்கு எழுத்தில் சொன்னது மட்டுமே பிறகு. பார்த்தது, சொன்னது, எழுதியது என்ற மூன்றையும் மனம் ஒரே நாளாகச் சுருட்டி வைத்திருந்தது. அந்த மூன்றையும் பிரித்தெடுக்க நினைவும் பதிவும் சேர்ந்தே தேவைப்பட்டன.

எனவே என் தீர்ப்பு: முதல் நாள் எந்தப் பதிவையும் திறக்காமல் நினைவை எழுதுங்கள். ஆனால் தேதி போடாதீர்கள். "ஆயுத பூஜைக்குப் பிறகு", "பலகை இறங்கிய மறுநாள்" என்று முன்பின் மட்டும் குறியுங்கள். பதிவைப் பார்த்தபின் எழுதினால், பதிவில் இல்லாத தொலைபேசிப் பேச்சுகள் மறைந்துபோகும். பொங்கலுக்குள் மாற்றித் தருவதாக ஒப்பந்தக்காரர் சொன்னது போனில்தான். அந்தத் தாளில் அது இருந்ததால் தேடினேன். மறுநாள் நான் அனுப்பிய "நேற்று சொன்னபடி பொங்கலுக்குள் முடித்துவிடுங்கள்" என்ற செய்தி கிடைத்தது. அதற்கு அவர் மறுப்பு சொல்லவில்லை.

இரண்டாம் நாள் பதிவுகளை விரிதாளில் அடுக்குங்கள். நோட்டுப் புத்தகத்தைவிட அது மேல், ஏனென்றால் நடுவில் ஒரு வரியைச் செருகிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். தேதி, யார், என்ன நடந்தது, சான்று, உறுதி என ஐந்து பத்திகள் போதும். கடைசிப் பத்தியில் "பதிவு" அல்லது "நினைவு மட்டும்" என்று நேர்மையாக எழுதுங்கள்.

தேதியைப் படிப்பதிலேயே இரண்டு பொறிகள் இருக்கின்றன. வாட்ஸ்அப் உரையாடலை ஏற்றுமதி செய்தால், போனின் வட்டார அமைப்பைப் பொறுத்து டிசம்பர் 4 என்பது `04/12/23` என்றோ `12/4/23` என்றோ வரும். இரண்டாவதை ஏப்ரல் 12 என்று படித்துவிட எளிது. சந்தேகமானால் 12-ஐத் தாண்டிய நாள் உள்ள ஒரு வரியைப் பார்த்தால் வரிசை தெரிந்துவிடும். மின்னஞ்சலின் மூலத் தலைப்பில் சில நேரங்கள் `+0000` என்று முடியும். அது நம் நேரத்தைவிட ஐந்தரை மணி பின்தங்கியது. 3-ஆம் தேதி 18:45 என்று இருந்தால், இங்கே அது 4-ஆம் தேதி அதிகாலை 12:15.

இவ்வளவு துல்லியம் வேண்டியதற்குக் காரணம், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 69-ஆம் பிரிவு. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குப் போதிய காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம், அவ்வளவுதான். காரணம் எழுந்தது குறை தெரிந்த அன்றா, மாற்றித் தர மறுத்த அன்றா என்ற வாதம் வரக்கூடும். நான் முந்தியதான டிசம்பர் 2-ஐயே கணக்கில் கொண்டு, அதிலிருந்து இரண்டு ஆண்டு முடிவதற்குள் தாக்கல் செய்தேன். புகாரில் அந்தப் பகுதி இவ்வாறு போனது: 2-ஆம் தேதி குறையைக் கண்டேன், ஆசாரியிடம் வாய்மொழியாகச் சொன்னேன், 4-ஆம் தேதி தவணை செலுத்தினேன், 9-ஆம் தேதி படத்துடன் எதிர்த்தரப்புக்கு எழுத்தில் தெரிவித்தேன்.