பழைய போனுக்கு பிபிடிபி போதும் என்று சொல்லும் விபிஎன்காரர்களை நம்பாதீர்கள்

சந்தா கட்டியபின், பழைய போனில் ஆப் ஓடவில்லை என்று புகார் செய்தால் சில விபிஎன் நிறுவனங்கள் சொல்லும் பதில் இது: "செட்டிங்ஸில் PPTP தேர்ந்தெடுங்கள். 128 பிட் குறியாக்கம், வேகமும் அதிகம்." PPTP, அதாவது பிபிடிபி, ஒரு பழைய விபிஎன் இணைப்பு முறை. இணைப்பு உடனே கிடைக்கும், திரையில் சாவிச் சின்னமும் வரும். பாதுகாப்பு மட்டும் வராது. காசு வாங்கிக்கொண்டு இதைத் தருவது ஏமாற்று வேலை.

128 பிட் என்பது பொய் இல்லை. ஆனால் அந்தச் சாவி பிறக்கும் இடம் ஓட்டை. உள்நுழைவுக்கு பிபிடிபி வழக்கமாக நம்பியிருப்பது MS-CHAPv2 என்ற கடவுச்சொல் சரிபார்ப்பு முறை. அது உங்கள் கடவுச்சொல்லை ஹாஷ் எனும் 16 பைட் கைரேகை போன்ற எண்ணாக்கி, பின்னால் பூஜ்ஜியங்கள் சேர்த்து 21 பைட் ஆக்கி, ஏழேழாக, டெஸ் என்ற பழைய குறியாக்க முறைக்கான மூன்று சாவிகளாக வெட்டுகிறது. மூன்றாவது துண்டில் உண்மையான பைட் இரண்டே. 65,536 முயற்சியில் கிடைத்துவிடும். மற்ற இரண்டும் ஒரே செய்தியைக் குறியாக்குவதால், 2^56 சாவிகளை ஒருமுறை வரிசையாகச் சோதித்தாலே இரண்டும் சிக்கும். பாதுகாப்பு ஆய்வாளர்கள் மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டேவிட் ஹல்டனும் 2012 டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டில் இதைக் காட்டினார்கள். தனி வன்பொருள் இருந்தால் ஒரு நாளுக்குள் முடியும் வேலை.

தேடப்படுவது ஹாஷ் என்பதால் கடவுச்சொல் எட்டு எழுத்தா நாற்பது எழுத்தா என்பதே பொருட்டில்லை. வைஃபையில் ஒட்டுக்கேட்டவர் நீங்கள் இணைந்த கணத்தையும் அதன்பின் போனதையும் பதிவு செய்து வைத்திருந்தால், பிறகு நிதானமாகப் பிரித்துப் படிக்கலாம். உங்கள் பெயரில் உள்ளே நுழையவும் செய்யலாம். ஆப்பிள் 2016இல் ஐஓஎஸ் 10இலிருந்து பிபிடிபியை நீக்கியது சும்மா இல்லை.

விண்டோஸ் 7 கணினியில் கவனிக்க வேண்டியது Type of VPN. அது Automatic என்று இருந்தால், சத்தமில்லாமல் பிபிடிபிக்கு இறங்கிவிடக்கூடும். இணைந்தபின் Details பார்த்தால் WAN Miniport (PPTP) என்று தெரியும். Type of VPN-ஐ IKEv2 என்ற பாதுகாப்பான முறைக்கு நிலையாக மாற்றுங்கள். நிறுவனம் தரும் சான்றிதழை நிறுவும்படி கேட்டால், அது அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்து வந்ததுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சர்வரின் சான்றிதழைச் சரிபார்ப்பதில்தான் IKEv2வின் பலமே இருக்கிறது.

ஆண்ட்ராய்டு 4 அல்லது 5 போனில், OpenVPN என்ற இன்னொரு விபிஎன் முறையின் கோப்பை ஏற்கும் பழைய ஆப் பதிப்பு கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. அதுவும் இல்லையென்றால், போனிலேயே இருக்கும் L2TP/IPsec என்ற விபிஎன் முறை. ஆனால் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே பகிர்வுச் சாவியை இணையதளத்தில் போட்டு வைத்திருக்கும் நிறுவனமாக இருந்தால், அதே சாவியை வைத்து எவரும் நடுவில் நின்று போலி சர்வர் ஆகலாம். கருவி எதற்குமே ஒத்துவராவிட்டால் ரவுட்டரில் OpenVPN போட்டு, அதன் வைஃபையில் கருவியை இணையுங்கள். அந்த ரவுட்டரைத் தாண்டி வெளியே போனால் காப்பு இல்லை.

மாற்றியபின் பழைய PPTP இணைப்பை அழித்துவிட்டு கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். ஏற்கெனவே ஹாஷ் கைமாறியிருந்தால், அதே கடவுச்சொல் இருக்கும்வரை அது செல்லும்.