தலையணைப் பாறையா, டைக் வரிசையா?

சைப்ரஸின் துரூதோஸ் மலை ஓர் ஓஃபியோலைட். சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் உருவாகி, பின்னர் நிலத்துக்கு மேலேறிய தரை. அதை அடையாளம் காட்டும் தடயங்களில் இரண்டை ஒப்பிடலாம்.

முதலில் கண்ணில் படுபவை தலையணைப் பாறைகள். எரிமலைக் குழம்பு நீரில் பட்டதும் மேற்புறம் கண்ணாடியாய் உறைந்து, உருண்டை உருண்டையாகக் குவிகிறது. ஆனால் இது நீருக்கடியில் எரிமலை வெடித்தது என்பதற்கு மட்டுமே சான்று. கர்நாடகத்தின் மரடிஹள்ளியிலும் தலையணைப் பாறைகள் உண்டு. அதை வைத்து மட்டும் அங்கே ஓஃபியோலைட் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

அவற்றுக்குக் கீழே, பிளவுகளில் எரிமலைக் குழம்பு புகுந்து பலகைபோல் உறைந்த டைக்குகள் சுவர்போல் நெருங்கி நிற்கின்றன; இடையில் வேறு பாறையே அநேகமாக இல்லை. விளிம்பைக் கூர்ந்து பாருங்கள். குளிர்ந்த பாறையைத் தொட்ட ஓரம் சட்டென உறைவதால் மிக நுண்மணியாக இருக்கும். இங்கே பல டைக்குகளுக்கு அந்த ஓரம் ஒரு பக்கம்தான்; மறுபாதியை அடுத்து வந்த டைக் பிளந்து தள்ளிவிட்டது. தரை இடைவிடாமல் விரிந்துகொண்டே இருந்தால்தான் இப்படி நேரும். என் வாக்கு இதற்கே.

ஆனால் மெதுவாக விரியும் கடல்தரையில் டைக் வரிசை முழுமையாக உருவாகாமலும் போகலாம். ஆகவே அது இல்லை என்பதற்காக ஒரு மலையை ஒதுக்கிவிடக் கூடாது. அடியில், பூமியின் மேலோட்டுக்குக் கீழுள்ள அடுக்கான மேன்டிலின் பாறை பெரிடோடைட் இருக்கிறதா என்று தேட வேண்டும்.