பிஎம்பி குறிப்புக் கொப்பி: பரீட்சை முடிந்தும் மேசையை விட்டு அகலாத சில பக்கங்கள்

பிஎம்பி என்ற திட்ட முகாமைச் சான்றிதழ்ப் பரீட்சையை எனக்கு முன்னர் எழுதிய ஒரு அண்ணை தந்த கொப்பியை, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் போட்டோக்கொப்பி எடுத்து ஸ்பைரல் போட்டு வைத்திருக்கிறேன். பரீட்சை முடிந்து சில வருடங்கள் ஆகின்றன. கட்டட வேலைத் தளத்தில் மாதாந்த அறிக்கை எழுதும்போது இப்போதும் அதைப் புரட்டுகிறேன். ஆனால் முழுக் கொப்பியையும் இல்லை. பாதிக்கு மேல் இப்போது வெறும் கனம்தான்.

முதலில் அந்தக் கனத்தைச் சொல்லிவிடுகிறேன். கொப்பி, திட்ட முகாமை வழிகாட்டியான பிஎம்பொக்கின் 2017இல் வந்த ஆறாம் பதிப்பை வைத்து எழுதியது. தொடக்கம், திட்டமிடல், செயற்படுத்தல், கண்காணிப்பும் கட்டுப்பாடும், நிறைவு என்ற ஐந்து செயன்முறைக் குழுக்களும், அவற்றில் முறையே 2, 24, 10, 12, 1 என 49 செயன்முறைகளும் பெரிய அட்டவணையாக இருக்கின்றன. 2021 ஜனவரியில் பரீட்சையின் அமைப்பே மாறிவிட்டது. மனிதர்கள், செயன்முறை, வணிகச் சூழல் என்ற மூன்று பிரிவுகளில் அப்போது 42, 50, 8 சதவீதமாகக் கேள்விகள் வரத் தொடங்கின. ஆகவே அட்டவணையைப் பாடமாக்க இரவு கண்விழிப்பது வீண்.

குழுக்களைப் பற்றிய சிறு கேள்விகள் மட்டும் நன்றாக இருக்கின்றன. ஒன்று இப்படி: கொங்கிரீட் கியூப் உடைத்துப் பார்த்து, பலம் போதுமா என்று பதிகிறார்கள். அடுத்த கிழமை இன்னொருவர் வந்து, கியூப் எடுக்கும் முறை சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்கிறார். கடைசியில் உரிமையாளர் தளத்தைப் பார்த்து ஏற்றுக்கொண்டு கையெழுத்து வைக்கிறார். இந்த மூன்றும் எந்தக் குழு? மூன்றும் 'சரிபார்ப்பு' மாதிரித் தெரிவதால் பலர் ஒரே பெட்டியில் போட்டுவிடுவார்கள். முதலாவதும் கடைசியும் கண்காணிப்பு. நடுவிலுள்ளது செயற்படுத்தல், ஏனென்றால் அவர் பார்ப்பது கொங்கிரீட்டை இல்லை, வேலை செய்யும் முறையை. இந்த வேறுபாட்டைக் கொப்பி நான்கே வரியில் தெளிவாக்கிவிடுகிறது. இன்னொரு கேள்வி: உரிமையாளர் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டார், அடுத்து என்ன? நிறைவுக் குழுவுக்குப் போகவேண்டும். அதுவரை முடிந்த வேலையைக் கையளித்து, நின்றதன் காரணத்தையும் பதியவேண்டும். சும்மா ஆட்களை அனுப்பிவிட்டுக் கேற்றைப் பூட்டுவது நிறைவு ஆகாது.

கொப்பியின் உண்மையான பயன், செலவையும் முன்னேற்றத்தையும் ஒன்றாக அளக்கும் ஈட்டிய மதிப்புப் பக்கங்களில்தான். பிவி என்பது இன்றைக்குள் முடிந்திருக்கவேண்டிய வேலையின் திட்டப் பெறுமதி. ஈவி என்பது உண்மையில் முடிந்த வேலையின் திட்டப் பெறுமதி. ஏசி கையை விட்டுப்போன காசு. பிஏசி மொத்த பட்ஜெட். விலகல், குறியீடு எல்லாவற்றிலும் ஈவி முன்னுக்கு நிற்கும் என்று நினைவு வைத்தால் அவை தானாக வரும். சிக்கல், வேலை முடியும்போது மொத்தம் எவ்வளவு செலவாகும் என்ற கடைசி மதிப்பீட்டில், அதாவது இஏசியில். அதற்குக் கொப்பி நான்கு சூத்திரங்கள் தருகிறது:

```
CPI = EV / AC        SPI = EV / PV
EAC = BAC / CPI
EAC = AC + (BAC - EV)
EAC = AC + (BAC - EV) / (CPI * SPI)
EAC = AC + bottom-up ETC
```

கோப்பாயில் ஒரு மதில் என்று வைத்துக்கொள்வோம். எண்களை எளிதாக்கியிருக்கிறேன். 120 மீற்றர், 12 கிழமை, மொத்தம் 24 லட்சம் ரூபா, அதாவது கிழமைக்கு 10 மீற்றர். ஆறாம் கிழமை முடிவில் 60 மீற்றர் இருக்கவேண்டும், பிவி 12 லட்சம். கட்டியது 48 மீற்றர், ஈவி 9.6 லட்சம். செலவு 12.8 லட்சம். செலவுக் குறியீடான சிபிஐ 0.75, நேரக் குறியீடான எஸ்பிஐ 0.8. இரண்டும் ஒன்றுக்குக் குறைவு, செலவும் கூட, நேரமும் பிந்துகிறது.

இப்போது முதல் சூத்திரம் 32 லட்சம் என்கிறது. இரண்டாவது 27.2 லட்சம். மூன்றாவது 36.8 லட்சம். ஒரே மதிலுக்கு இவ்வளவு வித்தியாசம்! இங்கேதான் பரீட்சைக் கேள்வியும் தளமும் சந்திக்கின்றன. கொப்பியின் விதி: செலவு கூடிய காரணம் ஒருமுறை நடந்ததா, அப்படியானால் இரண்டாவது. தொடர்ந்து இருக்குமா, அப்படியானால் முதலாவது. குறித்த திகதிக்கு முடிக்கும் கட்டாயமும் சேர்ந்தால் மூன்றாவது.

விதி சரி, ஆனால் 'ஒருமுறை' என்ற சொல் ஏமாற்றும். மதிலில் கூடப் போன 3.2 லட்சத்தில் 1.28 லட்சம், மாரி மழையில் நிறைந்த அத்திவாரக் கிடங்கை இறைத்துத் திரும்ப வெட்டியதற்கு. மிச்சம் 1.92 லட்சம் சீமெந்து விலையேற்றம். இரண்டும் ஒருமுறை நடந்தவைதான். இப்படியான கணக்கை எங்கள் தள மேற்பார்வையாளரிடம் காட்டியபோது அவர் சொன்னார்: "மழை வந்து போட்டுது தம்பி. விலை திரும்ப இறங்குமே?" 2022இல் சீமெந்து வாங்கியவர்கள் யாரும் இதற்குப் பதில் தேடமாட்டார்கள். நிகழ்ச்சி எத்தனை முறை நடந்தது என்பது கேள்வியே இல்லை. மிச்ச வேலை எந்த விலையில் நடக்கும் என்பதுதான் கேள்வி.

அதனால் இந்த மதிலுக்கு முதல் மூன்றும் பொருந்தாது. அத்திவாரம் முழுவதும் வெட்டி முடிந்திருந்தால், மழைச் செலவு இனி வராது. விலையேற்றமோ 9.6 லட்சம் வேலைக்கு 1.92 லட்சம், அதாவது 20 சதவீதம், மிச்ச 72 மீற்றருக்கும் தொடரும். மிச்சம் 14.4 லட்சம், அதன் 1.2 மடங்கு 17.28 லட்சம். 12.8ஐக் கூட்டினால் 30.08 லட்சம். இது, மிச்ச வேலையின் செலவைப் புதிதாகக் கணக்கிட்டுக் கூட்டும் நான்காம் சூத்திரத்தின் வழி. கொப்பி அதற்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்திருக்கிறது. பரீட்சையில், "பழைய மதிப்பீடு இனிப் பொருந்தாது" என்ற மாதிரிக் குறிப்பு இருந்தால் அதைத்தான் தேடுகிறார்கள்.

உரிமையாளர், "எனக்கு 24 லட்சத்துக்கே முடியவேணும்" என்றால், 14.4ஐ மிச்சக் காசான 11.2ஆல் பிரித்துப் பாருங்கள். 1.29 வரும். 0.75இல் ஓடிய வேலை நாளை முதல் 1.29இல் ஓடவேண்டும் என்பது அர்த்தம். கூட்டத்தில் நீண்ட விளக்கம் சொல்வதைவிட இந்த ஒரு எண்ணைக் காட்டுவது எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

கொப்பி சொல்லாமல் விட்ட ஒன்றும் உண்டு, அது பெரிய குறை. எஸ்பிஐ வேலை முடியும் கட்டத்தில் பொய் சொல்லும். 12 கிழமை மதில் 15ஆம் கிழமைதான் முடிகிறது என்று வையுங்கள். 12ஆம் கிழமைக்குப் பிறகு பிவி 24 லட்சத்தில் நின்றுவிடும். ஈவி மெல்ல ஏறி அதே 24ஐத் தொடும். முடிவில் எஸ்பிஐ சரியாக 1. மூன்று கிழமை பிந்திய வேலை, அறிக்கையில் நேரத்துக்கு முடிந்த மாதிரித் தெரியும். இதற்கு 2003இல் வால்ட் லிப்கே முன்வைத்த ஈட்டிய கால முறை இருக்கிறது. இன்று முடிந்த வேலை திட்டப்படி எந்தக் கிழமையில் முடிந்திருக்கவேண்டும் என்று பார்த்து, அதைக் கடந்த கிழமைகளால் பிரிப்பது. ஆறாம் கிழமையில் 48 மீற்றர் என்றால் திட்டத்தில் அது 4.8ஆம் கிழமை, 4.8ஐ 6ஆல் பிரித்தால் 0.8. முடிவில் 12ஐ 15ஆல் பிரித்தால் அப்போதும் 0.8, தாமதம் மறையாது. எஸ்பிஐ பக்கத்தின் ஓரத்தில் இதைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். என்னிடம் கொப்பி வாங்கிப் பிரதி எடுப்பவர்களுக்கு அட்டவணைப் பக்கங்களைக் கழற்றிவிட்டு, அந்தப் பக்கத்தைப் பென்சில் எழுத்தும் விழும்படி கொஞ்சம் கறுப்பாக எடுக்கச் சொல்கிறேன்.