"முழுசா பார்த்துட்டேன் சார்" என்றால் உடனே பாக்கியை அனுப்பிவிடாதீர்கள்

கல்யாண வீடியோ எடிட்டிங்கை வெளியே கொடுக்கும் சின்ன ஸ்டுடியோக்காரர்களுக்காக இந்தப் பதிவு. பெயரெல்லாம் வேண்டாம், நடந்ததை மட்டும் பார்ப்போம்.

முகூர்த்த வீடியோ, 110 நிமிடம். எடிட்டர் மாலை 5:05க்கு லிங்க் அனுப்பி, "முழுசா பார்த்துட்டேன் சார், க்ளீன்" என்றார். ஸ்டுடியோக்காரர் நம்பிப் பாக்கியை அனுப்பினார், ஃபைலைப் பென்டிரைவில் போட்டுப் பெண் வீட்டில் கொடுத்தார். அன்று இரவே போன் வந்தது: "தவில்காரர் கை விழறதுக்கு முன்னாடியே அடி கேக்குதே, என்னங்க இது?"

அப்புறம்தான் ஃபைலைச் சோதித்தார்கள். எம்பி4 ஃபைலுக்குள் பெரும்பாலும் அது உருவான நேரம் பதிவாகியிருக்கும். ffmpeg என்ற இலவச மென்பொருளைக் கணினியில் போட்டிருந்தால், பார்க்க ஒரு வரி போதும்:

```
ffprobe -v error -show_entries format_tags=creation_time final.mp4
```

வரும் நேரம் யூடிசி, அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். இந்த ஃபைலில் 10:42 என்று வந்தது, அதாவது நம் நேரம் மாலை 4:12. அதிலிருந்து மெசேஜ் வந்தது வரை 53 நிமிடம்தான், அப்லோடு நேரமும் அதற்குள்ளேயே அடக்கம். 110 நிமிட வீடியோவை 53 நிமிடத்தில் எப்படி முழுசாகப் பார்ப்பது? சில மென்பொருள் இந்த நேரத்தை எழுதாது, அப்போது இந்த வழி உதவாது. எழுதியிருந்தால் பொய் அங்கேயே தெரிந்துவிடும்.

எடிட்டர் ஒன்றுமே பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. டைம்லைனில் பார்த்திருப்பார். முதல் வெர்ஷனில் 22வது நிமிடத்தில் தாத்தா ஆசீர்வாதம் செய்யும் ஷாட் டக்கென்று வெட்டுகிறது, கொஞ்சம் நீட்டுங்கள் என்று கேட்டிருந்தார்கள். அவரும் 12 ஃப்ரேம் நீட்டி, அந்த இடத்தைப் போட்டுப் பார்த்து, சரி என்று எக்ஸ்போர்ட் கொடுத்துவிட்டார். ஆடியோ ட்ராக் லாக்கில் இருந்தது. 22வது நிமிடத்துக்குப் பிறகு படம் முழுவதும் 12 ஃப்ரேம் பின்னால் தள்ளிப்போக, சத்தம் இருந்த இடத்திலேயே நின்றது. நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேம் 40 மில்லி செகண்ட், 12 ஃப்ரேம் கிட்டத்தட்ட அரை நொடி. தாலி கட்டு வருவது 61வது நிமிடத்தில், அங்கே யார் போய்ப் பார்த்தார்கள்!

கேமரா ஆடியோ படத்தோடு லிங்க் ஆகியிருந்தால் ப்ரீமியரில் க்ளிப்பின் மேல் சிவப்புக் கட்டத்தில் 12 என்று எண் காட்டியிருக்கும். இங்கே சத்தம் மண்டபத்து மிக்ஸரிலிருந்து தனி ரெக்கார்டரில் எடுத்தது, லிங்க் இல்லாததால் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. சத்தம் பிந்தி வந்தால் ஓரளவு பொறுத்துக்கொள்வோம், தூரத்து மேளம் பிந்திக் கேட்டு நமக்குப் பழக்கம்தான். முந்தி வந்தால் உடனே உறுத்தும். 45 மில்லி செகண்ட் முந்தினாலே கண்டுபிடிக்கத் தொடங்குகிறோம், பிந்தினால் 125 வரை போகும் என்பது ஒளிபரப்புத் துறையின் கணக்கு.

அதனால் திருத்தம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் திருத்திய இடத்தோடு நிறுத்தாதீர்கள். அதற்கு அடுத்த ஷாட், நடுவில் ஓரிடம், கடைசி ஐந்து நிமிடம் ஆகியவற்றில் சிங்க் பார்த்தாக வேண்டும். தவிலில் கை விழும் இடமோ, பக்கத்தில் நின்று பேசுகிறவர் "அப்பா", "அம்மா" என்று சொல்லும் இடமோ எடுத்துக்கொள்ளுங்கள். ப்பா, ம்மா சொல்ல உதடு மூடித்தான் ஆக வேண்டும், மூடும் ஃப்ரேமை அம்புக்குறி விசையால் ஒவ்வொன்றாக நகர்த்திப் பிடித்துவிடலாம்.

அதே ஃபைலில் இரண்டாவது கோளாறு: 72வது நிமிடத்தில் ஒரே ஒரு ஃப்ரேம் சிவப்பாகப் பளிச்சென்று போனது. நிறுத்திப் பார்த்தால் Media Offline. வெட்டியபோது மிஞ்சிய ஒரு ஃப்ரேம் துண்டு, அதன் மூல ஃபைல் கழற்றி வைத்த ஹார்டு டிஸ்கில் இருக்கிறது. டைம்லைனைச் சுருக்கி வைத்துப் பார்த்தால் இது கண்ணிலேயே படாது. இடையில் வரும் கறுப்பு ஃப்ரேமை இப்படித் தேடலாம்:

```
ffmpeg -i final.mp4 -vf blackdetect=d=0.03 -an -f null -
```

black_start என்று நேரத்தோடு பட்டியல் வரும். ஆனால் இது கறுப்பை மட்டும்தான் பிடிக்கும், சிவப்பு தப்பிவிடும். அதற்குக் கண்தான், அதுவும் எக்ஸ்போர்ட் ஆன ஃபைலை முழுத்திரையில், 1x வேகத்தில். வேகமாக ஓட்டினால் ப்ளேயரே ஃப்ரேம்களை விட்டுவிட்டுக் காட்டும்.

மூன்றாவது, தமிழ் எழுத்து. இதில் ஏமாறாத ஸ்டுடியோ குறைவு. கடைசி கார்டில் "வாழ்த்தும் நெஞ்சங்கள்" என்பதில் கொம்பு ந-வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. யூனிகோடு எழுத்தை அடோபி மென்பொருளில் போடும்போது தெற்காசிய எழுத்துக்கான டெக்ஸ்ட் எஞ்சினைத் தேர்ந்தெடுக்காவிட்டால் வரும் கோளாறு இது. பாமினி எழுத்துருவில் அடித்திருந்து, எக்ஸ்போர்ட் செய்யும் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் இன்னும் கேவலம், "அம்மா" திரையில் mk;kh என்று நிற்கும். டைட்டிலுக்காகச் சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு சுற்றுப் பாருங்கள். பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வேகமாக வாசித்தால் மூளை தானாகத் திருத்திக்கொள்ளும், "சண்முகம்" "சன்முகம்" ஆனது தெரியவே தெரியாது. மாமா பெயரில் தப்பு வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சத்தத்துக்குத் தனியாக ஒரு சுற்று, ஹெட்போனில், திரையைப் பார்க்காமல். காலர் மைக் இடது காதில் மட்டும் கேட்கிறதா என்று அப்போதுதான் பிடிபடும். பிறகு ஒரே ஸ்பீக்கர் உள்ள போனில் இரண்டு நிமிடம் போடுங்கள். இடது, வலது ஒன்றுக்கொன்று எதிர் ஃபேஸில் இருந்தால் ஹெட்போனில் பேச்சு கேட்கும், போனில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக் குரல் காணாமல் போகும்.

பாக்கி கொடுக்கும் முன் எடிட்டரிடம் நேரத்தோடு எழுதிய குறிப்புத்தாள் கேளுங்கள். "14:20 மைக் காற்று, விட்டுவிடலாம்", "47:05 கேமரா அசைவு, வேறு ஷாட் இல்லை" என்கிற மாதிரி. 110 நிமிடம் உண்மையாகவே உட்கார்ந்து பார்த்தவரிடம் இப்படி ஐந்தாறு வரியாவது இருக்கும். ஒன்றுமில்லை, க்ளீன் என்றால் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிச் சுற்று பென்டிரைவிலிருந்து, டிவியில். 16 எம்பிபிஎஸ்ஸில் 110 நிமிடம் ஏறக்குறைய 13 ஜிபி வரும். ஃபேட்32 பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக ஏற்காது. எக்ஸ்ஃபேட்டில் போட்டால் ஏறும், ஆனால் சில பழைய டிவிக்கு அது படிக்கத் தெரியாது. அப்படிப்பட்ட வீட்டுக்கு நான்கு பாகமாகப் பிரித்தால் ஒன்று 3.3 ஜிபி, ஃபேட்32வில் அடங்கும். ஒவ்வொரு பாகத்தின் கடைசி ஒரு நிமிடத்தையும் போட்டுப் பாருங்கள். காப்பி முடியுமுன் பென்டிரைவைப் பிடுங்கியிருந்தால் பெரும்பாலும் வால் பகுதிதான் அறுந்திருக்கும்.